கடைசி மாத்திரை எந்தத் தேதியில்? 40 நாள் ஸ்டீராய்டு கோர்ஸின் கணக்கு

“காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு 40 மில்லிகிராம். ஐந்து நாளைக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் குறைத்து, பிறகு நிறுத்தவும்.”

மருந்துச் சீட்டில் இப்படி எழுதியிருந்தால் டாக்டருக்கும் புரியும், மருந்துக்கடைக்காரருக்கும் புரியும். வீட்டுக்கு வந்து காலண்டர் முன்னால் நிற்கும்போதுதான் சந்தேகம் வரும். ஐந்தாம் நாளே குறைக்க வேண்டுமா, ஐந்து நாள் முடிந்து ஆறாம் நாள் குறைக்க வேண்டுமா? கடைசி மாத்திரை எந்தத் தேதியில்? இதில் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் எட்டு நாள் வரை வித்தியாசம் வந்துவிடும். அந்த எட்டு நாளில் நோய் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை இப்படிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரும் நோய்கள் பல. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். ‘சப்அக்யூட் தைராய்டிட்டிஸ்’ என்று டாக்டர்கள் சொல்லும் தைராய்டு அழற்சி அது. பெரும்பாலும் சளி, காய்ச்சல் வந்து போன சில வாரங்களில் தொடங்கும். கழுத்தின் முன்பக்கம் கடுமையாக வலிக்கும், எச்சில் விழுங்கினால்கூட வலிக்கும், வலி தாடைக்கும் காதுக்கும் ஏறும். தொண்டைப் புண் என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, காது வலி என்று நினைத்து காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, கடைசியில் தைராய்டு என்று கண்டுபிடிப்பவர்கள் நிறைய. நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

வலி லேசாக இருந்தால் வலி நிவாரணி மாத்திரைகளே போதும். அதற்கு அடங்காதபோதுதான் பிரெட்னிசலோன். 40 மில்லிகிராமில் தொடங்கினால் பலருக்கு ஓரிரு நாளிலேயே வலி மறைந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வலி போனதே தவிர, அழற்சி போகவில்லை. அது தானாக அடங்கப் பல வாரங்கள் ஆகும். மாத்திரை அதுவரை அதை அமுக்கி வைத்திருக்கிறது. இரண்டாம் நாளே சுகமாகிவிட்டது என்று ஒரு வாரத்தில் நிறுத்தினாலும், அவசரமாகக் குறைத்தாலும் கழுத்து வலி திரும்ப வந்துவிடக்கூடும். ஒழுங்காகக் குறைத்தும் வலி திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், கணக்குத் தவறி அவர்களோடு போய்ச் சேர வேண்டியதில்லை.

ஒரே சீட்டு, மூன்று கணக்கு

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 46 வயது, மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஜூன் 3-ம் தேதி காலை அம்மா முதல் 40 மில்லிகிராமைச் சாப்பிட்டாயிற்று. ஆறாம் தேதி ராத்திரி பேச்சு வருகிறது.

“நாளைக்கு அஞ்சாம் நாள்டி. நாளையிலேருந்து 35 தான்.”

“இல்லம்மா, அஞ்சு நாள் முழுசா சாப்பிட்டு முடிச்சு, எட்டாம் தேதிதான் குறைக்கணும்.”

“சீட்டுல அஞ்சு நாளைக்கு ஒருதரம் குறைக்கணும்னுதானே போட்டிருக்கு?”

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் வழக்கத்தில் தொடங்கிய நாளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம். பதினாறாம் நாள் காரியம் என்றால் இறந்த நாளே முதல் நாள். இந்த வெள்ளியிலிருந்து அடுத்த வெள்ளியை எட்டாம் நாள் என்கிறோம், இரண்டுக்கும் நடுவே ஏழு நாள் இடைவெளிதான் என்றாலும். அந்தப் பழக்கத்தில் ‘ஐந்து நாளைக்கு ஒருமுறை’ என்பது ‘ஐந்தாம் நாள்’ என்று காதில் விழுவது சகஜம்.

சீட்டில் உள்ள அதே வரியை மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, மகளின் கணக்கு. ஒவ்வொரு அளவையும் ஐந்து முழு நாள் சாப்பிட வேண்டும். குறைப்பது 6-ம் நாள், 11-ம் நாள், 16-ம் நாள் என்று வரும். கோர்ஸ் மொத்தம் 40 நாள். கடைசி மாத்திரை ஜூலை 12.

இரண்டாவது, 5-ம் நாள், 10-ம் நாள், 15-ம் நாள் என்று ஐந்தின் மடங்குகளில் குறைப்பது. இதில் முதல் 40 மில்லிகிராம் மட்டும் நான்கு நாள்தான் கிடைக்கும், மற்ற எல்லா அளவும் ஐந்து நாள். கோர்ஸ் 39 நாள், கடைசி மாத்திரை ஜூலை 11. ஒரு நாள் வித்தியாசம் பெரிய விஷயமில்லை.

மூன்றாவதுதான் வம்பு. 5-ம் நாள் குறைத்துவிட்டு, அந்த நாளையே மறுபடி ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவது. அப்போது அடுத்த குறைப்பு 9-ம் நாள், அதற்கடுத்தது 13-ம் நாள். ஒவ்வொரு அளவும் நான்கு நாள்தான் உடம்பில் நிற்கும். எண்ணுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஐந்து எண்ணியதாகவே தோன்றும், அதனால் தவறு கண்ணில் படாது. கோர்ஸ் 32 நாளில் முடிந்துவிடும். கடைசி மாத்திரை ஜூலை 4. எட்டு நாள் காணாமல் போய்விட்டது.

டாக்டர்கள் இப்படி எழுதும்போது பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது முதல் கணக்கைத்தான்: ஒரு அளவு, ஐந்து முழு நாள். ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். “எத்தனை நாளைக்கு ஒருமுறை குறைக்கணும்?” என்று கேட்டால் அதே குழப்பமான பதில்தான் திரும்ப வரும். “முதல் முறை 35 சாப்பிடுற தேதி எது டாக்டர்?” என்று கேட்க வேண்டும். தேதியில் வந்த பதிலுக்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

படிகளை எண்ணுங்கள், இறக்கங்களை அல்ல

கடைசி நாளைக் கண்டுபிடிப்பதில் இன்னொரு சறுக்கல் இருக்கிறது. 40-லிருந்து 5 வரை எத்தனை முறை குறைக்கிறோம்? ஏழு முறை. ஏழை ஐந்தால் பெருக்கினால் 35. ‘ஆக, 35 நாள் கோர்ஸ்’ என்று முடிவு செய்தால், ஜூலை 7-ம் தேதியோடு மாத்திரை நின்றுவிடும். கடைசி 5 மில்லிகிராம் படி முழுதாக விடுபட்டுப்போகும்.

எண்ண வேண்டியது எத்தனை முறை குறைக்கிறோம் என்பதை அல்ல, எத்தனை அளவுகள் இருக்கின்றன என்பதை. 40, 35, 30, 25, 20, 15, 10, 5 என்று விரல் விட்டால் எட்டு. தொடங்கும் அளவை ஒவ்வொரு முறையும் குறைக்கும் அளவால் வகுத்தாலும் (40 ÷ 5) அதே எட்டு வரும். எட்டு அளவு, ஒவ்வொன்றும் ஐந்து நாள், ஆக 40 நாள்.

அடுத்து தேதி. ஜூன் 3-உடன் 40-ஐக் கூட்டினால் ஜூலை 13 வரும். அது கடைசி மாத்திரை நாள் அல்ல, மாத்திரை இல்லாத முதல் நாள். ஜூன் 3-ம் தேதியே ஒரு நாள் கணக்கில் சேர்ந்துவிட்டதால், கூட்ட வேண்டியது 39.

கடைசி நாள் = தொடங்கிய தேதி + (மொத்த நாட்கள் − 1)

போனில் இருக்கும் தேதி கணக்கிடும் ஆப்களில் சில முதல் நாளைச் சேர்க்கும், சில சேர்க்காது. அதனால் அதை நம்புவதைவிட காலண்டரில் பென்சிலால் எழுதுவது மேல். இந்த வீட்டுக்கு அது இப்படி வரும்:

ஜூன் 3 முதல் 7 வரை – 40 மி.கி.
ஜூன் 8 முதல் 12 வரை – 35 மி.கி.
ஜூன் 13 முதல் 17 வரை – 30 மி.கி.
ஜூன் 18 முதல் 22 வரை – 25 மி.கி.
ஜூன் 23 முதல் 27 வரை – 20 மி.கி.
ஜூன் 28 முதல் ஜூலை 2 வரை – 15 மி.கி.
ஜூலை 3 முதல் 7 வரை – 10 மி.கி.
ஜூலை 8 முதல் 12 வரை – 5 மி.கி.

அளவு மாறும் தேதிகளைப் பாருங்கள். 3, 8, 13, 18, 23, 28, மறுபடி 3, 8. ஜூன் மாதத்துக்கு 30 நாள் என்பதால் இந்த ஒழுங்கு அடுத்த மாதத்திலும் தொடர்கிறது. 31 நாள் மாதத்தைத் தாண்டினால் ஒன்று நகர்ந்து 2, 7 என்று மாறிவிடும். பிப்ரவரியைத் தாண்டினால் கேட்கவே வேண்டாம். மனக்கணக்கில் போகிறவர்கள் தடுமாறும் இடம் இந்த மாதக் கடைசிதான்.

சில டாக்டர்கள் 40 மில்லிகிராமை முதலில் பத்து நாளோ இரண்டு வாரமோ தந்துவிட்டு, அதற்குப் பிறகே குறைக்கச் சொல்வார்கள். அப்போது முதல் படிக்கு மட்டும் அந்த நாட்கள், மீதி ஏழு படிகளுக்கு ஐந்தைந்து நாள். முதல் படி பத்து நாள் என்றால் மொத்தம் 45 நாள்.

அட்டையில் மிச்சம் எவ்வளவு?

கணக்கு சரியாகப் போகிறதா என்று இடையில் எப்படித் தெரிந்துகொள்வது? மாத்திரை அட்டையே சொல்லிவிடும்.

மேலே உள்ள கோர்ஸுக்கு மொத்தம் 900 மில்லிகிராம் மருந்து தேவை. 10 மில்லிகிராம் மாத்திரையும் 5 மில்லிகிராம் மாத்திரையும் வாங்கினால், பத்து மில்லி மாத்திரை 80, ஐந்து மில்லி மாத்திரை 20. 35 சாப்பிடும் நாட்களில் மூன்று பத்தும் ஒரு ஐந்தும், 30-க்கு மூன்று பத்து, 25-க்கு இரண்டு பத்தும் ஒரு ஐந்தும் என்று போகும்.

ஜூன் 22-ம் தேதி மாத்திரை சாப்பிட்டானதும் சரியாகப் பாதி நாட்கள் முடிந்திருக்கும். அன்று எண்ணிப் பார்த்தால் பத்து மில்லி மாத்திரை 20, ஐந்து மில்லி மாத்திரை 10 மிச்சம் இருக்க வேண்டும். பாதி நாள்தான் ஆகிறது, பத்து மில்லி மாத்திரை 60 தீர்ந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. முன்பாதியில் அளவு அதிகம், அதனால் மருந்தும் வேகமாகத் தீரும். அதே நாளில் 24-உம் 12-உம் மிச்சம் இருந்தால், நான்கு நாளுக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்து மில்லியில் மட்டும் கணக்குத் தவறி, ஐந்து மில்லி சரியாக இருந்தால், ஏதோ ஒரு நாள் எண்ணிக்கை கூடவோ குறையவோ போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் தாங்களாகவே சரிக்கட்டாமல் டாக்டருக்கு ஒரு போன் செய்து, இன்று எந்த அளவு, எந்தத் தேதி வரை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சரிபார்ப்பு பலிக்க வேண்டுமென்றால் அட்டையைச் சரியாகக் கையாள வேண்டும். பிரெட்னிசலோன் 5, 10, 20, 40 என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் எண் மட்டும்தான் மாறும். மருந்துக்கடையில் ஐந்துக்குப் பதில் பத்தைக் கொடுத்துவிட்டால், குறைத்துக்கொண்டிருப்பதாக நினைப்பவர் குறைக்காமலே இருப்பார். வாங்கும்போதே ஒவ்வொரு அட்டையிலும் எண்ணைப் படிக்க வேண்டும். எண் அச்சடித்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடாமல், மறுபக்கத்திலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

“அது ஸ்டாக் இல்லண்ணே, இதுவும் ஸ்டீராய்டுதான்” என்று வேறு பெயரில் தந்தால் வாங்கக் கூடாது. டெஃப்ளசகார்ட் என்ற மருந்தில் சுமார் 6 மில்லிகிராமும், மெத்தில்பிரெட்னிசலோனில் 4 மில்லிகிராமும்தான் பிரெட்னிசலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். மாத்திரைக்கு மாத்திரை மாற்றினால் போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

கடைசிப் படிகளே செங்குத்து

ஒவ்வொரு முறையும் அதே 5 மில்லிகிராம்தான் குறைகிறது. ஆனால், உடம்புக்கு அது ஒரே மாதிரி இல்லை. 40-லிருந்து 35-க்கு இறங்கும்போது எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. 10-லிருந்து 5-க்கு இறங்கும்போது பாதி போய்விடுகிறது. 5-லிருந்து நிறுத்தும்போது இருந்தது முழுவதும் போகிறது.

இதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், அடிபடுதல் போன்ற நெருக்கடிகளைத் தாங்கும் சக்தி, இவையெல்லாம் அதைச் சார்ந்தவை. நம் உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலின் வேலையை பிரெட்னிசலோன் மாத்திரையில் சொன்னால் சுமார் 4 முதல் 6 மில்லிகிராம். அதைவிடப் பல மடங்கு வெளியிலிருந்து வரும்போது, மூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ‘போதும்’ என்று முடிவு செய்து அட்ரீனலுக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும். வாரக்கணக்கில் இப்படியே போனால் அட்ரீனல் சோம்பிப்போகும்.

எத்தனை நாளில் சோம்பும்? 2024-ல் ஐரோப்பிய, அமெரிக்க ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று, நான்கு வாரத்தை எல்லையாக வைக்கிறது. அதற்குக் குறைவான நாட்கள் சாப்பிட்டவர்களுக்கு, அளவு எதுவாக இருந்தாலும், அட்ரீனலுக்காக என்று படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆஸ்துமா இழுப்புக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு கொடுத்து டாக்டர் அப்படியே நிறுத்தச் சொல்வது இதனால்தான். ‘ஸ்டீராய்டு என்றாலே குறைத்துத்தான் நிறுத்தணும்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆனால், 40 நாள் கோர்ஸ் அந்த எல்லையைத் தாண்டிப்போகிறது. ஜூலை மாதத்துக்குள் நுழையும்போது, நோய் திரும்பிவிடுமோ என்ற கவலையோடு, சொந்த கார்டிசால் வேலைக்குத் திரும்பிவிட்டதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. மாத்திரையை ராத்திரி சாப்பிடாமல் காலையில் ஒரே வேளையாகச் சாப்பிடச் சொல்வதும் இதை ஒட்டித்தான். உடம்பின் கார்டிசாலும் காலையில்தான் அதிகம் சுரக்கும்.

கடைசி இரண்டு படிகளில் சிலருக்கு அலுப்பு, மூட்டு வலி, பசியின்மை வரும். பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டுவது, விடாத குமட்டல், நடக்கவே தெம்பில்லாமல் போவது என்று வந்தால் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். வாந்தி நிற்காமல் மாத்திரை உள்ளே தங்கவில்லை, மயக்கம் வருகிறது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘இத்தனை வாரமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சிலருக்கு டாக்டரே கடைசியில் 5-ஐ இரண்டரையாக்கி இன்னும் சில நாட்கள் நீட்டுவார். அப்போது கடைசி தேதியும் அதற்கேற்ப நகரும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. ஸ்டீராய்டு தொடங்கியதும் சர்க்கரை ஏறும். அதற்காக இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ டாக்டர் கூட்டியிருப்பார். ஸ்டீராய்டு குறையக் குறைய சர்க்கரையும் இறங்கும். கூட்டிய மருந்தை அப்படியே விட்டுவைத்தால் தாழ்சர்க்கரை வந்து வியர்த்து, நடுங்கி விழ நேரிடும். காலண்டரில் அளவு மாறும் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ‘சர்க்கரை பார்க்க’ என்று எழுதி வைத்து, வீட்டு மீட்டரில் வரும் எண்களை டாக்டரிடம் காட்டி மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நடுவில் வலி வந்துவிட்டால்

கும்பகோணத்து வீட்டுக்குத் திரும்புவோம். மகள் எழுதிய காலண்டர்படி எல்லாம் சரியாகப் போகிறது. ஜூன் 29. 15 மில்லிகிராமுக்கு இறங்கிய இரண்டாம் நாள். காலையில் காபி விழுங்கும்போது கழுத்தில் சுருக்கென்கிறது. மாலைக்குள் தாடை வரை வலி.

இந்த இடத்தில் வீடுகளில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, ‘ஏற்கெனவே 40 சாப்பிட்டதுதானே’ என்று தாங்களாகவே பழைய அளவுக்கு ஏறுவது. இன்னொன்று, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு குறைப்பதைத் தொடர்வது. இரண்டும் கூடாது. ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்து கூடும். அதோடு, வலிதான் இந்த நோய் அனுப்பும் தகவல். அதை மூடிவிட்டால் டாக்டருக்கு நிலவரம் தெரியாது.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார், இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்கிறார். அழற்சி இருந்தால் அது உயர்ந்திருக்கும். “மறுபடி 20-க்குப் போங்கம்மா. நாளையிலிருந்து பத்து நாள் அதே அளவு. அப்புறம் பழையபடி அஞ்சு நாளைக்கு அஞ்சு குறைக்கலாம்” என்கிறார். இது இந்த உதாரணத்துக்கான முடிவு. வலியின் கடுமையைப் பார்த்து வேறு டாக்டர் வேறு அளவு சொல்லலாம்.

இப்போது பழைய காலண்டரில் அடித்துத் திருத்தாமல் புதிதாக எழுத வேண்டும். ஜூன் 30 முதல் ஜூலை 9 வரை 20 மில்லிகிராம். பிறகு ஜூலை 10 முதல் 14 வரை 15, ஜூலை 15 முதல் 19 வரை 10, ஜூலை 20 முதல் 24 வரை 5. கடைசி மாத்திரை ஜூலை 24. பழைய தேதியிலிருந்து 12 நாள் தள்ளிப்போயிருக்கிறது: 20-ல் கூடுதலாக நின்ற பத்து நாளும், 15-ல் கழிந்த இரண்டு நாளும். 15-ல் சாப்பிட்ட அந்த இரண்டு நாளைக் கழித்துக்கொண்டு ‘இன்னும் மூன்று நாள்தான் 15’ என்று எண்ணக் கூடாது. படி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வாங்கி வைத்த மாத்திரையும் போதாது. ஜூலை 5-க்கு மேல் அட்டை காலியாகி, ‘தீர்ந்துடுச்சு, அதோட விட்டுட்டேன்’ என்று சொல்கிறவர்கள் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புதுக் காலண்டர் எழுதிய அன்றே மாத்திரையையும் எண்ணிக் கூடுதலாக வாங்கிவிட வேண்டும்.

ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால்? அன்றைக்குள் ஞாபகம் வந்தால் சாப்பிட்டுவிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரட்டிப்பாகச் சாப்பிடாமல், காலண்டரில் அன்றைய தேதிக்கு எழுதியிருக்கும் அளவை மட்டும் சாப்பிட வேண்டும். தேதிகளை ஒன்று நகர்த்த வேண்டியதில்லை. விட்டுப்போன நாளைக் காலண்டரில் சுழித்து வைத்தால் அடுத்த முறை டாக்டர் பார்த்துக்கொள்வார். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விட்டுவிட்டால் மட்டும் அவரைக் கேட்காமல் தொடரக் கூடாது.

இந்த ஐந்து நாள் கணக்கை வேறு மருந்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையுமே குறைத்துத்தான் நிறுத்துவார்கள். ஆனால், அவற்றின் வேகம் வேறு. சிலவற்றில் ஒரு படிக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும்.

ஜூலை 25-க்குப் பிறகு

மாத்திரை இல்லாத முதல் நாளான ஜூலை 25-ம் தேதியையும் காலண்டரில் குறிக்க வேண்டும். சோம்பிய அட்ரீனல் சிலருக்கு உடனே எழுந்துவிடும், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் கடும் காய்ச்சல் வந்தாலும், விபத்தில் அடிபட்டாலும், பல் பிடுங்குவதாக இருந்தாலும், ஆபரேஷன் என்றாலும், ஸ்டீராய்டு சாப்பிட்ட விவரத்தையும் நிறுத்திய தேதியையும் அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அந்த நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். எழுதிய காலண்டரைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தால் காட்ட வசதி.

தைராய்டின் கதையும் இன்னும் முடியவில்லை. அழற்சி இருந்தபோது சுரப்பி சேமித்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கசிந்து படபடப்பும் எடைக்குறைவும் வந்திருக்கும். சேமிப்பு தீர்ந்த பிறகு, சுரப்பி பழைய நிலைக்கு வரும்வரை சில வாரங்கள், சில மாதங்கள் ஹார்மோன் குறைந்துபோகலாம். உடம்பு ஊதுவது, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், அசதி எல்லாம் அப்போது தெரியும். ஸ்டீராய்டை நிறுத்தியதால் வந்த அசதி என்று இதை நினைத்துவிட வாய்ப்பு அதிகம், அட்ரீனலின் அசதியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். டி.எஸ்.ஹெச். பரிசோதனை தைராய்டைப் பற்றிச் சொல்லும், காலை எட்டு மணி சுமாருக்கு எடுக்கும் கார்டிசால் பரிசோதனை அட்ரீனலைப் பற்றிச் சொல்லும். எதை எப்போது எடுப்பது என்பதை, கடைசி மாத்திரை தீர்வதற்கு முந்தைய சந்திப்பிலேயே டாக்டரிடம் கேட்டு, அந்தத் தேதியையும் அதே காலண்டரில் எழுதிக்கொள்ளலாம்.